தூத்துக்குடி ஃப்ளைட் ஆயிரம் ரூபாய் கம்மி: நரிக்குடிக்காரருக்கு அது லாபமா?

தீபாவளி பயணச் செலவு பத்தின வீடியோவுக்குக் கீழே, நரிக்குடி, திருச்சுழி பக்கத்திலிருந்து சென்னையில வேலை பார்க்கிற சில பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "மதுரை ஃப்ளைட்டை விட தூத்துக்குடி ஃப்ளைட் சில நாள் ஆயிரம் ரூபாய் கம்மியா காட்டுது, அதைப் போடலாமா?" என் பதில்: அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேண்டாம். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

முதல்ல அந்த விமானத்தைப் புரிஞ்சுக்கணும். தூத்துக்குடி வாகைக்குளம் ஓடுபாதை பல வருஷமா 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அது போதாது. அதனால சென்னை-தூத்துக்குடி தடம் ஏடிஆர் 72 மாதிரியான இறக்கை விசிறி விமானங்களோட தடமாகவே இருந்தது. 2025 ஜூலையில புது முனையம் திறந்தாங்க, ஓடுபாதையும் 3,115 மீட்டர் ஆச்சு. இனி பெரிய விமானத்துக்கும் இடம் உண்டு. ஆனா நீங்க புக் பண்ற ஃப்ளைட் எதுன்னு புக்கிங் பக்கத்துலயே போட்டிருக்கும். "ATR" என்று இருந்தா மேல படிங்க.

ஏடிஆர் நல்ல விமானம்தான், குட்டையான ஓடுபாதைக்கும் குறைந்த எரிபொருளுக்கும்னே செய்தது. ஆனா அது 25,000 அடிக்கு மேல பறக்காது. ஜெட் 35,000 அடிக்குப் போய் பல மேகங்களைக் கீழே விட்டுட்டுப் போகும். இது மேகத்தைச் சுத்திக்கிட்டுப் போகணும், இல்லாட்டி கிளம்பாமலே நிக்கணும். இன்னொரு விஷயமும் இருக்கு, இதுதான் நம்மளை அதிகம் பாதிக்கும். ஒரே விமானம் காலையில இருந்து நாலஞ்சு ஊருக்குப் போய் வரும். காலையில வேற ஏதோ ஊர்ல மழையில மாட்டினா, சாயங்காலம் வெயில் அடிக்கிற ஊர்லயும் ஃப்ளைட் ரத்தாகும். சின்ன நிலையத்துல ஒரு நாளைக்குச் சில சேவைகள்தான். அதனால "அடுத்த ஃப்ளைட்" என்றால் பல நேரம் நாளைக்கு.

ரத்தானா பணம் என்னாகும்? டிஜிசிஏ விதிப்படி, முன்கூட்டியே சொல்லாம விமான நிறுவனம் ரத்து செஞ்சா, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய் அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அது இழப்பீடு. ஆனா காரணம் வானிலை என்றால் இந்த இழப்பீடு கிடையாது. கிடைப்பது ரெண்டுல ஒண்ணு: மாற்று விமானம், அல்லது டிக்கெட் பணம். திங்கட்கிழமை சம்பளம் பிடிச்சா, கடைசி நேர டாக்ஸிக்கு 8,000 கொடுத்தா, அது உங்க பையிலிருந்துதான். இந்த விதியில நமக்கு உதவுற ஒரு நுணுக்கமும் இருக்கு. அவங்க ரத்து செஞ்சா முழுப் பணம். நீங்க பயந்து முன்னாடியே ரத்து செஞ்சா பிடித்தம். ஆகவே புயல் செய்தி பார்த்ததும் அவசரப்பட்டு டிக்கெட்டை கேன்சல் பண்ணாதீங்க. புயல் நேரத்துல சில நிறுவனங்கள் இலவசமா தேதி மாத்தவும் விடுவாங்க, அந்த அறிவிப்பையும் பாருங்க.

இப்போ மாற்று ஏற்பாடு. இதுலதான் பலரும் தப்புக் கணக்கு போடறாங்க. 2023 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. 4-ம் தேதி திங்கட்கிழமை, மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடியது; ரயில்களும் பல ரத்து. ரெண்டு வாரம் கழிச்சு 17-ம் தேதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, தென் மாவட்டத்துல வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி விமானங்கள் ரத்து. "ஃப்ளைட் போச்சு, ரயில்ல போயிடலாம்" என்று நினைச்சவங்களுக்கு அதுவும் இல்லை: திருச்செந்தூரில் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நூற்றுக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிட்டது. ஃப்ளைட்டும் ரயிலும் ஒரே வெள்ளத்துல மாட்டினா அது மாற்று ஏற்பாடே இல்லை.

நரிக்குடியிலிருந்து பார்த்தா இது இன்னும் தெளிவு. மதுரை விமான நிலையம் காரியாபட்டி வழியா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வாகைக்குளம் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் தாண்டி, 70, 80 கிலோமீட்டர் அதிகம். டாக்ஸி கிலோமீட்டருக்கு 14 ரூபாய்னு வெச்சாலே அந்த ஆயிரம் ரூபாய் ரோட்டுலயே கரைஞ்சிடும். பஸ்ல போய்க்கிறேன்னு சொல்றவங்களுக்கும் ஒரு கேள்வி: ஞாயிறு சாயங்காலம் ஃப்ளைட் ரத்துன்னா எங்கே நிக்கிறீங்க? மதுரையில நின்னா ஜங்ஷன், மாட்டுத்தாவணி ரெண்டும் பக்கம், ராத்திரி முழுக்க சென்னைக்கு வண்டி. வாகைக்குளத்துல நின்னா, அதே மழையில நனையுற ரயில் பாதையும் ரெண்டரை மணி நேர ரோடும்தான்.

அதனால மழைக்காலத்துல நான் சொல்றது இது. மதுரை ஃப்ளைட்டோட சேர்த்து, அதே ராத்திரிக்கு மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் டிக்கெட்டையும் போட்டுடுங்க. மூணு நாளைக்கும் முன்னாடியே சென்னை வானிலை மையத்தோட மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்க. விருதுநகர், மதுரை, சென்னை மூணுலயும் ஆரஞ்சு, சிவப்பு இல்லைன்னா ரயிலை கேன்சல் பண்ணுங்க. நேரத்தோட செஞ்சா ஸ்லீப்பருக்குப் பிடித்தம் 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 180, ஏசிக்கு வரி தனி. அது இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. எச்சரிக்கை இருந்தா ரயிலை வெச்சுக்கோங்க. கிளம்புற நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், அதையும் கணக்குல வையுங்க. சென்னைப் பக்கமே சிவப்புன்னா ரெண்டும் வேலைக்கு ஆகாது, மேலாளர்கிட்ட வீட்டிலிருந்து வேலைன்னு வெள்ளிக்கிழமையே கேட்டுடுங்க.

வளைகுடாவுக்குப் போறவங்களுக்கு ஒரு வரி: சென்னையில ஏற வேண்டிய விமானத்தைத் தனி டிக்கெட்டா போட்டிருந்தா, ஏடிஆர் ரத்தானதுக்கு அந்த ரெண்டாவது நிறுவனம் பொறுப்பில்லை. முந்தின நாளே சென்னை போயிடுங்க.

கடைசியா பை. "15 கிலோ டிக்கெட்லயே இருக்கே, ஏன் கெடுபிடி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பெருக்கல். ஏடிஆர் 72-600 தூக்கக்கூடிய மொத்தப் பாரம் சுமார் 7,500 கிலோ. 78 பேர், ஆளுக்கு 75 கிலோன்னு வெச்சா 5,850. மீதி 1,650 கிலோவை 78-ஆல வகுத்தா ஆளுக்கு 21 கிலோ. செக்-இன் 15, கையில 7 சேர்த்தாலே 22. எல்லாரும் முழு அளவுக்குக் கொண்டு வந்தா இடமே இல்லை. இதுல அம்மா கட்டிக் கொடுத்த சேவும் வத்தலும் மல்லியும் 18 கிலோ வந்தா, கூடுதல் கிலோவுக்குக் கவுண்டர்ல காசு, சில நாள் பை அடுத்த ஃப்ளைட்ல. மூட்டையை பஸ் பார்சல்ல முன்னாடியே அனுப்புறது மலிவு. மேலே உள்ள தட்டும் சின்னது, டிராலியைப் படிக்கட்டுப் பக்கத்துலயே வாங்கி அடியில போட்டுடுவாங்க. அப்படி வாங்கும்போது பவர் பேங்கையும் லேப்டாப்பையும் எடுத்துக் கையில வெச்சுக்கணும், பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகக் கூடாது. மிளகாய்த்தூளைக் கைப்பையில வைக்காதீங்க, செக்யூரிட்டியிலயே எடுத்து வெச்சுக்குவாங்க.