வளைவை அகட்டும் முன் பார்வையைத் திறவுங்கள்

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் மைல்கல் அருகே பள்ளத்தில் பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலிருந்து விழுந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்திருந்த இடத்தில், எதிரே டிப்பர் ஒன்று வந்தது. அன்று சாரதியின் தவறு பற்றிப் பேசப்பட்டது. எதிரே வருவதை எத்தனை மீற்றருக்கு முன்பே காண முடியும் என்று அந்த வளைவைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

கொஸ்லந்தையிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் கொழுந்து லொறிக்காக வெட்டப்பட்ட பாதைகளில்தான் இன்று பஸ்ஸும் பாடசாலை வேனும் ஓட்டோவும் போகின்றன. அவற்றைத் திருத்தியமைக்கும்போது எழுதப்படும் வடிவமைப்பு அறிக்கை, வேகம், வளைவின் ஆரை, பார்வைத் தூரம் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். முதலில் வேகத்தைத் தீர்மானித்து, அதற்கேற்ற ஆரையை எடுத்து, பார்வைத் தூரத்தைக் கடைசியில் ஒரு அட்டவணையோடு முடித்துவிடும் வழக்கம் மலைநாட்டுக்கு ஒவ்வாது. இங்கே பார்வைத் தூரமே முதலில் வர வேண்டும்.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்துக்கு, வளைவின் வெளி ஓரத்தை 8 சதவீதம் உயர்த்தினால் சுமார் 30 மீற்றர் ஆரை போதும். அதையே 40 ஆக்கினால் 55 மீற்றர் வேண்டும். அறிக்கையில் பத்துக் கிலோமீற்றர்தான் கூடுகிறது, ஆனால் மலையில் அதற்கான விலை சரிவின் அடிவாரம். வளைவை அகட்ட வேண்டுமானால் அடிவாரத்தைக் குடைய வேண்டும். மழைக்காலத்தில் மேலே நிற்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பதோ அதே அடிவாரம்தான். பெரகலை – வெல்லவாய வீதியில் நகெட்டியப் பகுதியின் நகரும் சரிவு பல ஆண்டுகளாகத் தந்த தொல்லையை இவ்வூர் அறியும். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்ணையும் அறியும். இந்த மண்ணில் 40 என்ற எண்ணுக்காக மலையை வெட்டுவதை நாம் ஏற்க முடியாது. 30 என்றே நேர்மையாக எழுதட்டும், கொண்டை ஊசி வளைவுகளில் 20 என்று எழுதட்டும்.

வேகத்தைக் குறைத்துவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. 30 கிலோமீற்றரில் வரும் சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி 21 மீற்றர் ஓடிவிடும். 8 சதவீத இறக்கத்தில் நனைந்த தாரில் நிற்க இன்னும் 11 மீற்றர், ஆக 32 மீற்றர் தேவை. ஏறி வருபவருக்கு 28 மீற்றர். ஒரே தடமுள்ள பாதையில் இருவரும் நிற்க வேண்டுமென்பதால், ஒருவரையொருவர் குறைந்தது 60 மீற்றர் தொலைவிலேயே காண வேண்டும். 30 மீற்றர் ஆரை கொண்ட நீண்ட வளைவில் இந்த 60 மீற்றருக்கு, வண்டியின் பாதையிலிருந்து உட்பக்கமாக ஏறத்தாழ 14 மீற்றர் மறைப்பின்றி இருக்க வேண்டும். அதற்காக மலையை வெட்டுவது பித்துக்குளித்தனம்.

அதே வளைவை மட்டும் இரு தடமாக அகலப்படுத்தி நடுவே கோடு போட்டால், ஒவ்வொருவரும் தம் தடத்தில் தாம் நின்றால் போதும். தேவைப்படும் பார்வை 32 மீற்றராகக் குறைகிறது, திறக்க வேண்டிய இடம் 4 மீற்றர் சொச்சமாகச் சுருங்குகிறது. அதிலும் ஒன்றரை மீற்றர் வீதிக்குள்ளேயே அடங்கிவிடும். மிஞ்சியதை வீதி மட்டம் வரை வெட்டத் தேவையில்லை. சாரதியின் கண்ணுக்கும் எதிர் வண்டிக்கும் இடையிலான கோடு தரையிலிருந்து ஒரு மீற்றர் அளவில்தான் போகிறது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை மேட்டைப் படியாகச் சீவி, அடியை அப்படியே விட்டுவிடலாம். பல இடங்களில் புதரையும் மானாப் புல்லையும் அகற்றுவதே பாதி வேலை. ஆனால் புல் மறுபடியும் முளைக்கும். அதை வெட்டுவது தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா என்று அறிக்கையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அகலப்படுத்துவதிலும் கணக்கு உண்டு. நீண்ட பஸ்ஸின் பின் சக்கரம் வளைவில் முன் சக்கரத்தின் தடத்தைப் பின்பற்றாமல் உள்ளே ஒதுங்கும். 30 மீற்றர் ஆரையில் இரண்டு தடத்துக்குமாக ஏறத்தாழ 1.8 மீற்றர் கூடுதல் அகலம் வேண்டும். இது இல்லாவிட்டால் நடுக்கோடு வெறும் வண்ணப்பூச்சுதான், பஸ் எதிர்த் தடத்தை நிரப்பிக்கொண்டே திரும்பும்.

நேரான நீள்பாதைக்குப் பின் திடீரென வரும் இறுக்கமான வளைவை எந்த எண்ணும் காப்பாற்றாது. அங்கே சாரதி 30 என்ற காகித வேகத்தில் வருவதில்லை, முந்தைய நேர்ப்பாதை தந்த வேகத்தில்தான் வருகிறார். அதனால் அறிக்கை வளைவுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் வரிசையாகப் பார்த்து, படிப்படியாக இறுக்க வேண்டும்.

ஊவா மாகாண வீதி அதிகாரிகளிடம் நாம் கோருவது இதுதான். ஒப்பமிடும் முன் ஒவ்வொரு வளைவின் இரு முனையிலும் ஆட்களைக் கண் உயரக் கம்போடு நிறுத்தி, ஒருவரையொருவர் காணும் தூரத்தை நாடாவால் அளந்து, வரைபடத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வெட்டவுள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தையும், மழைநீர் எந்தக் கானில் இறங்கும் என்பதையும் இணையுங்கள். அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டக் காரியாலயத்தில் ஒட்டி, அந்தப் பாதையில் நாள்தோறும் லொறி ஓட்டுபவர்களிடம் அபிப்பிராயம் கேளுங்கள்.