பத்தாயிரம் ரூபாய்க்காரர் எந்தக் கட்டத்தில் நிற்பார்?

தோழர்களே, இப்போது நம் மாணவர்கள் பலர் சேரிகளில் கணக்கெடுக்கப் போகிறார்கள். கல்லூரி ஆய்வுக்காகப் போகிறவர்கள் உண்டு. கோரிக்கை மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. அந்தப் படிவங்களில் வருமானக் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: 0–5,000, 5,000–10,000, 10,000–20,000, 20,000-க்கு மேல். அவசரத்தில் செய்த சின்னப் பிழை என்று இதை விட்டுவிட முடியாது. யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரை வெளியே தள்ளுவது என்று முடிவு செய்யும் இடமே இதுதான்.

மாதம் பத்தாயிரம் சம்பளம் வாங்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் இதில் எந்தக் கட்டத்தில் வருவார்? இரண்டிலும் வருவார். பள்ளிக்கூடப் புள்ளியியல் பாடத்தில் 0–10, 10–20 என்று எழுதி, மேல் எல்லை எண் அடுத்த வகுப்பைச் சேர்ந்தது என்று படித்தோம். அட்டவணை போடுகிறவருக்கு அந்த மரபு தெரியும். வாசலில் நின்று பதில் சொல்கிற அக்காவுக்குத் தெரியாது. கேட்கப் போன இரண்டு மாணவர்களுக்கும் அது ஒரே மாதிரி நினைவிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒருவர் பத்தாயிரத்தைக் கீழ்க் கட்டத்தில் போடுவார், மற்றவர் மேல் கட்டத்தில் போடுவார். கடைசியில் ஒரு தெரு ஏழையாகவும் பக்கத்துத் தெரு வசதியாகவும் தெரியும். அந்த வித்தியாசம் எழுதியவர்களுடையது, தெருக்களுடையது அல்ல. நம் மக்கள் வருமானத்தை ஐயாயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம் என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். அதனால் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அரசின் கணக்கிலும் இந்தக் கோளாறு உண்டு. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு, கிராமப்புறங்களில் குடும்ப வருமானத்தைக் கேட்கவில்லை. குடும்பத்தில் அதிகம் சம்பாதிக்கும் ஒருவரின் மாத வருமானத்தைத்தான் கேட்டது. பதிலுக்கு மூன்றே கட்டங்கள்: 5,000 ரூபாய்க்குக் கீழ், 5,000-க்கும் 10,000-க்கும் இடையில், அதற்கு மேல். 2015 ஜூலையில் முடிவுகள் வந்தபோது, ஏறத்தாழ 17.9 கோடி கிராமப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 74-க்கு மேல் முதல் கட்டத்திலேயே அடங்கிவிட்டன. மாதம் 800 ரூபாயில் தவிக்கிறவருக்கும் 4,900 வாங்குகிறவருக்கும் ஒரே குறி. நாட்டின் முக்கால்வாசி கிராமத்தை ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, உள்ளே யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று பார்க்க வழியில்லாமல் செய்த கேள்வி அது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு விதியும் இருந்தது. குடும்பத்தில் யாராவது ஒருவர் மாதம் 10,000-க்கு மேல் சம்பாதித்தால், அந்தக் குடும்பம் ஏழைகள் பட்டியலிலிருந்து தானாகவே நீங்கிவிடும். இதன் விளைவைப் பார்க்க அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

அப்பா சென்ட்ரிங் வேலை பார்க்கிறார், நாளுக்கு 700 ரூபாய். எட்டு மாதம் மாதத்துக்கு 14 நாள் வேலை, மீதி நான்கு மாதம் ஐந்து நாள்தான். ஆண்டுக்கு 92,400. அம்மாவுக்கு நூறு நாள் வேலையில் 60 நாள்தான் கிடைத்தது, கைக்கு வந்தது நாளுக்கு 300 என்றால் 18,000. களையெடுப்பும் அறுப்பும் 50 நாள், 350 வீதம் 17,500. மகன் மாட்டுத்தாவணியில் ஒரு கடையில் மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400. மொத்தம் 2,50,300 ரூபாய்.

கேட்கப் போனவர் “ஒரு நாள் கூலி எவ்வளவு?” என்று கேட்டு 700-ஐ முப்பதால் பெருக்கினால் அப்பாவின் மாத வருமானம் 21,000 ஆகிவிடும், குடும்பம் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும். உண்மையில் அவருக்குக் கிடைப்பது மாதம் சராசரி 7,700. அதிகம் சம்பாதிப்பவர் மகன்தான், 9,000. அப்படி எழுதினால் குடும்பம் நடுக் கட்டத்தில் வரும். எல்லாரையும் கூட்டினால் குடும்பத்தின் மாத வருமானம் ஏறத்தாழ 20,860. வீடு ஒன்றுதான், கேள்வியும் எழுதும் முறையும் மாற மாற அதன் கதை மாறுகிறது.

ஆகவே கட்டம் போடும் முன் மூன்றை முடிவு செய்யுங்கள். யாருடைய வருமானம்: ஒரே அடுப்பில் சாப்பிடும் எல்லாருடையதும். எந்தக் காலம்: கடந்த 12 மாதம், கூலி வேலைக்கு நாட்களை மாதம் மாதமாகக் கேட்டு. எதெல்லாம் சேரும்: உதவித்தொகை சேருமா என்பதைப் படிவத்திலேயே எழுத வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தில் பாட்டியின் 14,400-ஐ எடுத்துவிட்டால் தொகை 2,35,900 ஆகிவிடுகிறது.

அந்த 2,50,000 ஏன் முக்கியம்? பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு அதுதான். 2019-இல் வந்த பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய சாதியினருக்கான ஒன்றிய அரசு இடஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சத்துக்குக் கீழ். ஒரே நாட்டில் ஏழைக்கு இரண்டு அளவுகோல்! இந்த அநியாயத்தை நம் ஊர்க் கணக்கை வைத்துப் பேச வேண்டுமானால், இரண்டு கோடுகளும் நம் படிவத்தில் எல்லைகளாக இருக்க வேண்டும். 2–3 லட்சம் என்று ஒரு கட்டம் போட்டால், அதில் உதவித்தொகை பெறத் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

நான் பரிந்துரைக்கும் ஆண்டு வருமானக் கட்டங்கள் இவை:

1. வருமானமே இல்லை, அல்லது நட்டம்
2. 1 முதல் 60,000 வரை
3. 60,001 முதல் 1,20,000 வரை
4. 1,20,001 முதல் 1,80,000 வரை
5. 1,80,001 முதல் 2,50,000 வரை
6. 2,50,001 முதல் 4,00,000 வரை
7. 4,00,001 முதல் 8,00,000 வரை
8. 8,00,000-க்கு மேல்
9. தெரியவில்லை
10. சொல்ல விருப்பமில்லை

ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் முடிந்த இடத்துக்கு ஒரு ரூபாய் மேலே தொடங்குகிறது. பைசாவை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கிவிடுங்கள். முதல் கட்டம் இல்லாவிட்டால், குத்தகை நிலத்தில் மல்லிகை போட்டுக் கடனில் முடிந்தவருக்கு இடமே இருக்காது. கடைசி இரண்டு கட்டங்கள் இல்லாவிட்டால், பதில் சொல்லாதவர்களை யாராவது “வருமானம் இல்லை” என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் நம் புள்ளிவிவரமே நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. உதவித்தொகை விதி 2,50,000 வரை என்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் இரண்டரை லட்சத்துக்குக் கீழ் என்றது. சரியாக 2,50,000 உள்ள குடும்பம் ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே. எந்தக் கட்டமும் இதைக் காட்டாது. ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் தொகையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கட்டத்தைப் பிறகு நீங்களே குறிக்கலாம். தொகை சொல்லத் தயங்குகிறவரிடம் மட்டும் கட்டங்களை வாசித்துக் காட்டுங்கள்.

படிவத்தை அச்சடிக்கும் முன் 0, 1, 60,000, 60,001, 2,50,000, 2,50,001, 8,00,000, 8,00,001 ஆகிய எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கட்டத்தில்தான் விழ வேண்டும். பிறகு இருபது வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஒரே கட்டத்தில் குவிந்தால் அந்தக் கட்டத்தை இரண்டாக வெட்டுங்கள். 2011-இல் அரசு வெட்டாமல் விட்ட இடம் அதுதான்.