மீட்டர் ஓடலாம், பௌர்ணமியன்று நிற்கக் கூடாது



பதிவு கொஞ்சம் நீளம். இணையதளம் வைத்திருப்பவர்களும், பிள்ளைக்கோ கடைக்கோ வைத்துக் கொடுத்தவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் விருப்பம் போல.

இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. பல நிறுவனங்கள் மாதத்துக்கு இத்தனை பக்கப் பார்வை என்று படி வைத்துப் பணம் வாங்குகின்றன. 10,000 வரை ஒரு கட்டணம், 1,00,000 வரை ஒரு கட்டணம், இப்படி மேலே போகும். இந்த விலை முறையில் எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு பார்வையும் அவர்கள் கணினியில் ஒரு பதிவு. அதை வைத்துக் காப்பாற்றச் செலவு உண்டு. என் சண்டை, அளவு தாண்டிய பிறகு அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தோடு.

என்னிடம் கணக்கு படித்த ஒரு பையன் செங்கம் ரோட்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு இணையதளம் நடத்துகிறான். பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது, எட்டு லிங்கங்களும் எந்த வரிசையில் வரும், தீபத்துக்குத் தற்காலிகப் பஸ் ஸ்டாண்ட் எந்தெந்த ரோட்டில் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரம் கிடையாது. செலவு அவன் கைக்காசு. தமிழைத் திருத்திக் கொடுப்பது மட்டும் என் வேலை.

அவன் எடுத்திருந்தது மாதம் 10,000 பார்வைத் திட்டம். சாதாரண நாளில் 200 பார்வை வரும். பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள், நாளுக்கு 1,200. கூட்டினால் மாதம் 9,000. திட்டத்துக்குள் அடங்கிவிடும். தீபத் திருவிழா வந்தால் மட்டும் அடங்காது.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். 2024இல் கொடியேற்றம் டிசம்பர் 4, மகா தீபம் டிசம்பர் 13. பத்து நாளும் ஒரே மாதத்துக்குள். அந்த மாதம் முதல் தேதி மலையில் மண் சரிந்து ஏழு உயிர் போன துக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். மலையேற விடுவார்களா என்ற ஒரே கேள்விக்காக ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தான். அந்த டிசம்பரில் மொத்தம் ஏறத்தாழ 49,000 பார்வை. நிறுவனம் ஒரு மெயில் அனுப்பியதோடு சரி. ஒரு மாதம் தாண்டினால் பொறுத்துக்கொள்வது அவர்கள் விதி.

2025இல் கொடியேற்றம் நவம்பர் 24, மகா தீபம் டிசம்பர் 3. அதே பத்து நாள் திருவிழா, ஆனால் இரண்டு மாதத்தில் கால் வைத்துவிட்டது. நவம்பர் கடைசி ஏழு நாளில் மட்டும் 14,000 சேர்ந்து, அந்த மாதம் 21,600 ஆனது. டிசம்பர் 1ஆம் தேதி 4,000. 2ஆம் தேதி சாயங்காலத்துக்குள் இன்னொரு 6,000க்கு மேல். மாதம் பிறந்து இரண்டே நாளில் 10,000 தாண்டியாயிற்று. "தொடர்ந்து இரண்டாவது மாதமும் தாண்டிவிட்டீர்கள், மேல் திட்டத்துக்கு மாறும் வரை எண்ணுவது நிறுத்தப்படுகிறது" என்று மெயில் வந்தது. தீபத்துக்கு முந்தின நாள் ராத்திரி கடைக்காரன் மெயிலா பார்த்துக்கொண்டிருப்பான்? அவன் அதைப் பார்த்தது 4ஆம் தேதி காலையில். வருடத்தில் பெரிய நாள் எதுவோ அந்த நாளுக்குக் கணக்கே இல்லை. பிறகு பணம் கட்டினால் அன்று முதல்தான் எண்ணுவார்கள். எண்ணாமல் விட்டது எந்தக் காலத்திலும் திரும்பாது.

ஊர் ஒன்று, திருவிழா ஒன்று, கூட்டமும் ஏறத்தாழ ஒன்று. 2024இல் குற்றமில்லாதது 2025இல் குற்றமானது நட்சத்திரம் எந்தத் தேதியில் விழுந்தது என்பதால் மட்டுமே. இதைத்தான் "உங்கள் தளம் வளர்ந்துவிட்டது" என்று வாழ்த்துச் சொல்லி எழுதினார்கள்.

சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் என் அக்கா பையனிடம் சொன்னேன். "என்ன மாமா, அடுத்த பிளானுக்குப் போனா முடிஞ்சுது. இதுக்குப் போய் இவ்ளோ கோபமா?" என்றான். அவனுக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

பதினோரு மாதம் 9,000 வீதம் 99,000. தீப மாதம் 49,000. ஆக வருடம் 1,48,000 பார்வை. இப்போதைய திட்டம் வருடத்துக்கு 1,20,000 தருகிறது. கூடுதலாகப் போனது 28,000. அதற்குக் காசு கேட்டால் கொடுப்பது நியாயம், அவனும் கொடுப்பான். ஆனால் அவர்கள் ஏறச் சொல்லும் அடுத்த படி மாதம் 1,00,000. வருடத்துக்கு 12,00,000. இவன் பயன்படுத்தப் போவது அதில் எட்டில் ஒரு பங்கு. பத்து நாள் கூட்டத்துக்காக வருடம் முழுக்கக் கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்டச் சொல்வது போலத்தான் இது.

நம்ம ஈபியைத் திட்டாத ஆள் உண்டா? இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் ரேட்டைக் கூட்டுகிறான். ஆனால் தாண்டிய நிமிடத்தில் மீட்டரை நிறுத்திவிட்டு, "நீங்கள் எவ்வளவு எரித்தீர்கள் என்று எங்களுக்கே தெரியாது" என்று சொன்னதில்லை. எண்ணுவதற்குத்தான் காசு வாங்குகிறாய். கூட்டம் வந்ததும் எண்ணமாட்டேன் என்றால் உனக்கு எதற்குக் காசு?

எல்லா நிறுவனமும் இப்படி இல்லை. பையன் மாட்டிக்கொண்ட நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இனி நான் பெயர் சொல்வது அதை அல்ல. பிளாசிபிள் என்று ஐரோப்பாவில், எஸ்டோனியா நாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. எப்போதோ ஒருமுறை கூட்டம் ஏறினால் கூடுதலாக வசூலிக்க மாட்டோம், தொடர்ந்து இரண்டு மாதம் தாண்டினால் தகவல் சொல்லி முடிவெடுக்க இரண்டு வாரம் தருவோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாத விதியும் நம் ஊர்த் தீபத்தில் சிக்கும் என்பது என் குறை. ஆனாலும் கார்டில் திடீரென்று கை வைக்காமல் அவகாசம் கொடுப்பது மரியாதை.

"கூகுள் சும்மா தருகிறதே சார்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுளின் பழைய அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் சாதாரணக் கணக்குகளுக்கு எண்ணுவதை நிறுத்தியது. அடுத்த வருடம் பழைய கணக்கைப் பார்க்கும் வழியையும் மூடினார்கள். எடுத்து வைக்காதவர்களுக்குப் பல வருடக் கணக்கு போயிற்று. இலவசத்திலும் சாவி அவர்கள் கையில்தான்.

இனி பணம் கட்டப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். அளவு தாண்டினால் எண்ணுவதை நிறுத்துவீர்களா, அல்லது எண்ணிக்கொண்டே இருந்து பார்ப்பதை மட்டும் பூட்டுவீர்களா? பூட்டினால் பிறகு திறந்துகொள்ளலாம். நிறுத்தினால் போனது போனதுதான். மாதம் என்பது முதல் தேதியிலிருந்தா, நான் பணம் கட்டிய தேதியிலிருந்தா? பௌர்ணமி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை வருவதால், ஒரே பில் மாதத்தில் இரண்டு பௌர்ணமி விழலாம். 2026 மே மாதத்தில் 1ஆம் தேதியும் 31ஆம் தேதியும் பௌர்ணமி. மூன்றாவது, மேல் படிக்கு ஏற்றினால் கூட்டம் குறைந்ததும் நீங்களே இறக்குவீர்களா, நான் நினைவு வைத்துக் கேட்க வேண்டுமா?

இன்னொன்று. பக்கப் பார்வை என்பது ஆள் கணக்கு இல்லை. 14 கிலோமீட்டர் நடக்கிற ஒருவர் சிக்னல் சரியில்லாமல் ஐந்து முறை பக்கத்தைத் திறந்தால், பக்கம் வந்து சேர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை. வரைபடப் பொத்தானை அழுத்தியதையும் தனியாக எண்ணச் சொல்லியிருந்தால், பல இடங்களில் அதுவும் இதே கணக்கில் சேரும். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள்.

எண்ணுவது நின்றுவிட்டதா, கூட்டமே குறைந்ததா என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லலாம். ஜனம் குறைந்தால் கோடு சரிவாக இறங்கும். எண்ணுவதை நிறுத்தினால் சுவர் போலச் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தில் கிடக்கும். சந்தேகமென்றால் அதே மணி நேரத்துக்கு உங்கள் சர்வரின் பதிவேட்டைப் பாருங்கள். அதில் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

அந்தப் பதிவேடுதான் நம் சொந்த மீட்டர். யார் எந்தப் பக்கம் கேட்டாலும் சர்வர் தானாக ஒரு வரி எழுதிக்கொள்ளும். பல ஹோஸ்டிங் கணக்குகளில் AWStats என்ற பெயரில் அதைக் கூட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, இப்படி ஒரு வரி போதும்:

```
goaccess access.log --log-format=COMBINED
```

குறை இல்லாமல் இல்லை. தேடுபொறிகளின் இயந்திர வருகையும் அதில் கலந்திருக்கும். நடுவில் வேறு சர்வர் நகல் வைத்துப் பக்கம் கொடுத்தால் அது பதிவாகாது. ஆனால் தீபத்தன்று எந்தப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தை அதிகம் பார்த்தார்கள், அடுத்த வருடம் எதை மேலே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

பணம் கட்டும் சேவையே வேண்டுமென்றால் திருவிழா பத்து நாளுக்கு மட்டும் பத்தில் ஒரு பார்வையைக் குலுக்கல் முறையில் எண்ண வையுங்கள். வந்ததைப் பத்தால் பெருக்குங்கள். பத்து நாளில் 40,000 பார்வை என்றால் எண்ணப்படுவது 4,000. பெருக்கினால் சுமார் 1,200 கூடக் குறைய வரும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 200 வரும் சாதாரண நாளில் இதைச் செய்யாதீர்கள். அன்று 120 என்றும் காட்டும், 280 என்றும் காட்டும்.

பையன் இப்போது பதிவேட்டுக்கு மாறிவிட்டான். நிறுவனங்களில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, விலை பேசும் கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் வருடக் கணக்கில் அளவு வைக்கச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர் மட்டுமல்ல, ரிசல்ட் நாளில் மட்டும் கூட்டம் வரும் பள்ளிக்கூடத்துக்கும் அது உதவும். மறுத்துப் பேச இருப்பவர்கள் தாராளமாகப் பேசுங்கள். கணக்கோடு வாருங்கள், வாதாடுவோம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
திருவண்ணாமலை