எட்டுப் புள்ளி வைத்தால் போதும்... கிரெப்ஸ் சுழற்சி ரெடி!

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை மிரட்டும் படங்களில் ஒன்று, சிட்ரிக் அமிலச் சுழற்சி. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-ல் வெளியிட்ட இந்தச் சுழற்சியை மனப்பாடம் செய்வதைவிட, கார்பனை எண்ணி வரைவது எளிது.

வட்டமும் புள்ளிகளும்

ஒரு வட்டம் போட்டு, சம இடைவெளியில் எட்டுப் புள்ளிகள் வையுங்கள். உச்சியில் இருப்பது ஆக்சலோ அசிட்டிக் அமிலம். அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றினால் சிட்ரிக், ஐசோசிட்ரிக், ஆல்ஃபா கீட்டோ குளூட்டாரிக் அமிலங்கள். நேர் கீழே சக்சினைல் கோ-ஏ. இடப்பக்கம் ஏறும்போது சக்சினிக், ஃபியூமாரிக், மாலிக் அமிலங்கள்.

இப்போது உச்சியிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றின் அருகிலும் கார்பன் எண்ணிக்கையை எழுதுங்கள்: 4, 6, 6, 5, 4, 4, 4, 4. கோ-ஏ என்பது ஒட்டிவரும் கைப்பிடி மட்டுமே. அதன் கார்பனை இதில் சேர்க்கக் கூடாது.

வலப்பக்கம் கார்பன் கணக்கு

முதல் அம்பில் 2 கார்பன் கொண்ட அசிட்டைல் கோ-ஏ உள்ளே வருகிறது. 4 இப்போது 6 ஆகிறது. 6, 5 ஆகும் இடத்திலும், 5, 4 ஆகும் இடத்திலும் ஒவ்வொரு கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். எண் குறையும் இடத்தில்தான் இந்த அம்பு வர வேண்டும். வேறெங்காவது போட்டிருந்தால், எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

காலி வண்டி, சுமை வண்டி

என்.ஏ.டி., எஃப்.ஏ.டி. இரண்டும் எலெக்ட்ரான்களைச் சுமக்கும் வண்டிகள். இவற்றை வட்டத்துக்குள் எழுதாமல், அம்பைத் தொட்டுச் செல்லும் சின்ன வளைவாகப் போடுங்கள். ஒரு முனையில் காலி என்.ஏ.டி., மறுமுனையில் சுமை ஏறிய என்.ஏ.டி.எச். இந்த வளைவு மூன்று இடங்களில் வரும்: கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும் இரண்டு அம்புகள், மாலிக் அமிலம் மீண்டும் உச்சிக்குத் திரும்பும் கடைசி அம்பு.

மீதி எல்லாம் இடப்பக்கம்தான். சக்சினைல் கோ-ஏ சக்சினிக் ஆகும்போது ஒரு ஜி.டி.பி. அல்லது ஏ.டி.பி. கிடைக்கும். அது ஃபியூமாரிக் ஆகும்போது ஒரு எஃப்.ஏ.டி.எச்.2. ஃபியூமாரிக் மாலிக் ஆகும்போது தண்ணீர் உள்ளே போகும்.

சரிபார்ப்பது எப்படி?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மேலே சொன்னது ஒரு சுற்றுக் கணக்கு. ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு அசிட்டைல் கோ-ஏ வருவதால், சுழற்சி இரண்டு முறை ஓடும். ஆகவே என்.ஏ.டி.எச். 6, எஃப்.ஏ.டி.எச்.2 2, ஜி.டி.பி. 2, கார்பன் டை ஆக்ஸைடு 4. குளுக்கோஸில் இருந்ததோ 6 கார்பன். மீதி 2 எங்கே? பைருவிக் அமிலம் அசிட்டைல் கோ-ஏ ஆகும்போதே, வட்டத்துக்கு வெளியே போய்விட்டன.

ஆக்சிஜனுக்கு இந்த வட்டத்தில் அம்பு கிடையாது. ஆனால், சுமை வண்டிகள் அடுத்த கட்டத்தில் இறக்கும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது அதுதான். அது இல்லாவிட்டால் வண்டிகள் காலியாகாது, வட்டமும் நின்றுவிடும்.