வினா எண்ணும் விடை எழுத்தும்



அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்காகப் பயிலும் இளைஞர் பலரை நாம் தேனாம்பேட்டையில் காண்கிறோம். மாதிரி வினாத்தாளின் ஒரு முழுப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, விவரமறிந்த அண்ணனுக்கோ ஆசிரியருக்கோ அனுப்பி, "விளக்கம் வேண்டாம், விடைக்குரிய எழுத்து மட்டும் போதும்" என்று அவர்கள் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. பதில் எழுதுகிறவர் விடைகளை நன்கறிந்தவராக இருந்தும், எண் பிசகினால் அவரது உழைப்பு வீணாகும். அது எவ்வாறு நேர்கிறது என்று பார்ப்போம்.

ஒரு பக்கத்தில் 41 முதல் 60 வரை வினாக்கள் இரு பத்திகளாக அச்சாகியுள்ளன என்று வைத்துக்கொள்வோம். விளக்கொளி பட்டு 47-ஆம் வினா படத்தில் தெரியவில்லை. பதிலெழுதுபவர் அதை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதி அனுப்புகிறார். பெறுபவரோ, 48-இன் விடையை 47-க்கு எழுதிக்கொள்கிறார். இவ்வாறே 59 வரை பதின்மூன்று இடங்களில் அடுத்த வினாவின் விடை அமர்கிறது. 60 வெறுமையாக நிற்கிறது. ஒன்று குறைகிறது என்பது தெரியும். எங்கே குறைந்தது என்பது தெரியாது. நான்கு எழுத்துகளே உள்ளமையால் அப்பதின்மூன்றில் ஏறத்தாழ மூன்று தற்செயலாகப் பொருந்தியும் விடும். ஆகவே ஓரிரு விடைகளைச் சரிபார்த்து அமைதியடைவது போதாது.

பரிகாரம் எளிது. எழுதத் தொடங்குமுன் பக்கத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் குறித்து, இடப்பத்தியை முடித்தபின் வலப்பத்திக்குச் செல்க. ஒவ்வோர் எழுத்துக்கும் முன் அச்சிட்ட எண்ணையே எழுதுக: "46 ஈ, 47 ?, 48 அ" என்று. தெரியாத வினாவுக்கும் அதன் இடம் உண்டு. பொருத்துக வகை வினாவில் உள்ளே வரும் 1, 2, 3, 4 என்பவை வினா எண்கள் அல்ல. கணினி தானாக இடும் வரிசை எண்ணை நம்பலாகாது. ஒரு வரியை நீக்கினால் அடுத்தவையெல்லாம் மாறிவிடும். முடிவில் எண்ணிப் பார்த்தால் இருபது இருக்க வேண்டும்.

எழுத்திலும் ஒரு பொறி உண்டு. தமிழ்வழிப் பாடநூலில் அ, ஆ, இ, ஈ என்றிருக்கும். தேர்வாணையத் தாளில் ஆங்கில எழுத்துகள். 2020-இல் ஆணையம் ஐந்தாவது எழுத்தையும் சேர்த்து, அதனை "விடை தெரியவில்லை" என்பதற்கு ஒதுக்கியது. ஆகவே தொலைபேசியில் "ஈ" என்று ஒருவர் சொன்னால், அது தமிழின் நான்காவது விடையா, ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்தா என்று கேட்பவருக்கு விளங்காது. தாளில் எந்த எழுத்து அச்சாகியுள்ளதோ, அதையே எழுதி அனுப்புவதே முறை.

ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை குறிக்கப்பட்டது என்று தேர்வரே எண்ணி விடைத்தாளில் எழுதவேண்டுமென்பதையும் அவ்வாண்டே ஆணையம் விதித்தது. அத்தொகைகளைக் கூட்டினால் வினாக்களின் எண்ணிக்கை வரவேண்டும். வீட்டுப் பயிற்சியிலும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விடுபட்டதை அது காட்டிவிடும். ஆனால் இரண்டு விடைகள் இடம் மாறியிருந்தால் காட்டாது. அதற்கு எண்ணோடு எண் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.