ஸ்டாக் லிஸ்ட்டில் எந்த எண்ணை எங்கே எழுதுவது?

வீட்டுச் சாமான்களுக்கும் சிறு கடைச் சரக்குக்கும் எக்ஸெல்லில் லிஸ்ட் போடுபவர்கள் பலரும் ஒரே தவறைச் செய்கிறோம். "செய்கிறோம்" என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாப்ட்வேர் இன்ஜினீயர் என்ற பெயரில் புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கும் என் அத்தைக்கு நான் போட்டுக் கொடுத்த லிஸ்ட், அவருக்கு ஒரு மூட்டை அரிசி நஷ்டத்தைத் தந்தது.

அத்தை வீட்டிலிருந்தே காலை இட்லி போட்டு அக்கம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு இட்லி அரிசி 6 கிலோ, உளுந்து ஒன்றரை கிலோ செலவாகும். சரக்கு நான்கு இடங்களில் இருக்கும்: சமையலறை, ஸ்டோர் ரூம் ஷெல்ப், பின் அறை, பரண். "எது எங்கே இருக்குன்னு தெரியலடா தம்பி, இருக்கிறதையே மறுபடியும் வாங்கிடறேன்" என்று 2024ல் சொன்னார். உடனே ஒரு ஷீட் திறந்தேன். இடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இருப்பு எவ்வளவு, எவ்வளவுக்குக் கீழே போனால் வாங்க வேண்டும் என்று இரண்டு எண்கள் கொடுத்தேன். குறைந்தால் செல் சிவப்பாகும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நவம்பர் கடைசியில் அந்த லிஸ்ட்டில் சமையலறை உளுந்து டின் 1 கிலோ, வாங்க வேண்டிய அளவு 2 கிலோ. சிவப்பு எரிந்தது. அத்தை 5 கிலோ உளுந்து வாங்கினார். அதே நேரம் ஷெல்ப்பில் 3 கிலோவும் பரணில் 6 கிலோவும் இருந்தன. அரிசியில் நேர் எதிர். சமையலறை டிரம்மில் 8 கிலோ, அங்கே அளவு 5. பின் அறை மூட்டையில் 20 கிலோ, அங்கே அளவு 15. இரண்டிலும் சிவப்பு இல்லை. ஆனால் மொத்தம் 28 கிலோ. ஐந்து நாளைக்குக் கூட வராது.

நவம்பர் 30, 2024 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ரெயின்போ நகரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது நினைவிருக்கும். பின் அறை மூட்டை தரையில் இருந்தது. மொத்தக் கடையிலிருந்து நான்கு நாள் சரக்கு வரவில்லை. உளுந்து மட்டும் தாராளமாக இருந்தது!

தவறு எங்கே? "எங்கே இருக்கிறது" என்பது இடத்தைப் பற்றிய கேள்வி. "எப்போது வாங்குவது" என்பது பொருளைப் பற்றிய கேள்வி. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதினால், ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருக்கும் அன்றே கணக்கு பொய்யாகிவிடும். எனவே என் கருத்து, இரண்டு ஷீட் வேண்டும் என்பதுதான்.

முதல் ஷீட் பெயர் Stock. A முதல் E வரை இடம், பொருள், இருப்பு, அலகு, நிரப்பு அளவு. இந்தக் கடைசி எண் வாங்குவதற்கானது அல்ல. சமையலறை டின் 2 கிலோவுக்குக் கீழே போனால் பரணிலிருந்து எடுத்துக் கொட்டு என்பதற்கு மட்டும்.

இரண்டாவது ஷீட் Items. இதில் ஒரு பொருளுக்கு ஒரே வரிசை. A பொருள், B ஒரு நாள் செலவு, C சொன்னபின் சரக்கு வர ஆகும் நாட்கள். அடுத்த மூன்று செல்களில் இந்த பார்முலாக்களை வரிசையாக D2, E2, F2 என அமைத்துக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=SUMIF(Stock!B:B,A2,Stock!C:C)
=B2*(C2+2)
=IF(D2<=E2,"வாங்கு","")
```

முதலாவது எல்லா இடத்து இருப்பையும் கூட்டித் தரும். இரண்டாவது வாங்க வேண்டிய அளவு. சரக்கு வர 3 நாள், கைக்காவலாக 2 நாள் என்றால் அரிசிக்கு 6 x 5 = 30 கிலோ. இருப்பு 28 என்பதால் "வாங்கு" என்று வரும். உளுந்துக்கு 1.5 x 5 = 7.5 கிலோ, இருப்பு 10 என்பதால் வராது. அன்றைக்கு அத்தைக்குத் தேவைப்பட்ட பதில் இதுதான்.

இனி இடவாரியாகப் பிரிப்பது பற்றி. பலர் "சமையலறை" என்று ஒருமுறை எழுதி, கீழே உள்ள பத்து செல்களை Merge செய்து தலைப்பு போல வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அதன் பிறகு Sort கொடுத்தால் எக்ஸெல் மறுத்துவிடும். Filter போட்டால் அந்த இடத்தின் முதல் பொருள் மட்டும் வந்து நிற்கும். எனவே ஒவ்வொரு வரிசையிலும் இடத்தின் பெயரைத் திரும்ப எழுதுங்கள். பெயருக்கு முன் 01, 02 என்று, நீங்கள் வீட்டில் நடந்து எண்ணும் வரிசைப்படி எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் பத்தாவது இடம் ஒன்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இடத்தின் பெயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். "பின் அறை" என்று மட்டும் எழுதியதுதான் என் இன்னொரு தவறு. இப்போது "03 பின் அறை தரை", "04 பின் அறை பலகை" என்று இரண்டாக வைத்திருக்கிறேன். மழை எச்சரிக்கை வந்தால் Filter பெட்டியில் "தரை" என்று டைப் செய்தால் போதும். தூக்கி வைக்க வேண்டியவை மட்டும் திரையில் நிற்கும்.

இந்த முறையிலும் சத்தம் போடாமல் நுழையும் பிழைகள் இரண்டு உண்டு. ஒரு ஷீட்டில் "உளுந்து", இன்னொன்றில் "உளுத்தம்பருப்பு" என்றிருந்தால், அல்லது பெயருக்குப் பின் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால், SUMIF அதை விட்டுவிட்டுக் கூட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. இதைக் கண்டுபிடிக்க, Stock ஷீட்டின் இருப்பு காலம் முழுவதையும் கூட்டுங்கள். Items ஷீட்டின் மொத்த காலத்தையும் கூட்டுங்கள். கிலோவும் லிட்டரும் கலந்த அர்த்தமில்லாத எண்கள்தான், ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ பெயர் பிசகியிருக்கிறது. பெயரை டைப் செய்ய விடாமல் Data Validation மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது இன்னும் நல்லது. அடுத்தது, இருப்பு செல்லில் "5 கிலோ" என்று எழுதுவது. அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது. மேலே சொன்ன சோதனையிலும் சிக்காது. எண் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் அடையாளம்.

அக்டோபர் பிறந்ததும் C காலத்தில் 3ஐ 6 ஆக்கிவிடுகிறேன். அரிசியின் அளவு தானாக 48 கிலோவுக்கு ஏறும். "இவ்வளவு எதுக்குடா, வண்டு விழும்" என்றார் அத்தை. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஜனவரியில் பழையபடி 3 ஆக்கிவிடுகிறேன்.

அத்தை கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். Stock ஷீட்டை இடவாரியாக பிரிண்ட் எடுத்து ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறேன். எடுக்கும்போதும் போடும்போதும் பென்சிலால் அடித்து எழுதுகிறார். புதன், ஞாயிறு மாலைகளில் நான் போய் அதைப் பார்த்து எண்களை மாற்றுகிறேன். இடைப்பட்ட நாட்களில் திரையில் இருப்பது பழைய கணக்குதான். பார்முலாவில் அந்த +2 இருப்பது பாதி அதற்காகவும்தான்.