உப்புக்கு முன்னால் கழுவல்

வெண்ணெயில் உப்புப் போட்டால் கெடாது என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மைதான். மோரை நன்றாகக் கழுவி எடுத்த வெண்ணெயில்தான் உப்பு தன் வேலையைச் செய்யும்.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு வெண்ணெய்க்கு உப்புப் போடும் வழக்கம் பொதுவாக இல்லை. நாலைந்து நாளில் உருக்கி நெய்யாக்கிவிடுவார்கள். உருக்கும்போது நீர் வற்றிவிடுவதால் நெய் மாதக்கணக்கில் நிற்கிறது. வெண்ணெயாகவே வைத்திருக்க வேண்டுமென்றால்தான் கழுவலும் உப்பும் தேவைப்படுகின்றன.

வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு அல்ல. சந்தை வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, நீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த நீர், கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறிக் கிடக்கிறது. கழுவாவிட்டால் அது மோராகவே இருக்கும். மோரில் உள்ள சர்க்கரையும் புரதமும் கிருமிகளுக்குத் தீனி. வெண்ணெய் புளித்து நாறுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கழுவல் சரியாக அமைவது கடைசலை எப்போது நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. பாலேடு 10 முதல் 14 டிகிரி குளிர்ச்சியில் இருந்தால் நன்றாகத் திரளும். திருவண்ணாமலை வெயிலில் விடிகாலைதான் அதற்கு ஏற்ற நேரம். அப்போதும் ஏட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கடைவது நல்லது. மத்தின் ஓசை மாறி, மோர் பிரிந்து, வெண்ணெய் அரிசிமணி அளவில் திரண்டதும் நிறுத்திவிட வேண்டும். பெரிய உருண்டையாகும் வரை கடைந்தால் மோர் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது.

மோரை வடித்துவிட்டு, அதே அளவு குளிர்ந்த நீரை ஊற்றி மெல்ல அலசி வடியுங்கள். நீர் தெளியும்வரை, இரண்டு மூன்று முறை, இப்படிச் செய்ய வேண்டும். காய்ச்சி ஆற வைத்த நீரே ஏற்றது. அசுத்த நீர் புதுக் கிருமிகளைக் கொண்டுவரும். பிறகு மரக்கரண்டியால் அழுத்திப் பாருங்கள். கசியும் துளி வெண்மையாக இருந்தால் மோர் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

அரைக் கிலோ வெண்ணெய்க்கு 10 கிராம் தூளுப்பு போதும். அது வெறும் 2 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் உப்பு கொழுப்பில் கரையாது. உள்ளே இருக்கும் சுமார் 80 கிராம் நீரில்தான் கரைகிறது. ஆகவே ஒவ்வொரு துளியும் கடல்நீரைப் போல மூன்று மடங்கு உப்புக் கரிக்கும். பெரும்பாலான கிருமிகள் அதில் பெருக முடியாது. உப்பு எல்லா இடத்துக்கும் சேர, சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பிசைய வேண்டும். நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் உப்பு சமமாகப் பரவவில்லை.

காற்றும் வெளிச்சமும் பட்டுக் கொழுப்பு சிக்கு வாடை அடிப்பதை உப்பு தடுக்காது. செம்பு, இரும்புப் பாத்திரங்கள் அதை விரைவுபடுத்தும். அதனால் உப்பிட்ட வெண்ணெயையும் கண்ணாடியிலோ பீங்கானிலோ இறுக மூடி, இருட்டான குளிர்ச்சியில் வையுங்கள். நெய்க்கென்று எடுத்து வைக்கும் வெண்ணெயில் உப்புச் சேர்க்காதீர்கள்.